இரும்புக்க சத்தம் வேறே, கல்லுக்க சத்தம் வேறே

கும்பளங்கியில் ஒரு வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முகப்பையோ கூரையையோ பார்க்க வேண்டியதில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம் தொடங்கி இடுப்பு உயரம் வரையுள்ள சுவரைப் பார்த்தால் போதும். கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்து கிடக்கிற ஊர் அது. மழைக்காலத்தில் பொக்காளி நெல், அறுப்பு முடிந்ததும் அதே வயலில் உப்புத் தண்ணீரை ஏற்றிச் செம்மீன் கெட்டு என்று, ஊரின் பிழைப்பே உப்போடு கூடியதுதான். 2019-இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தில் அந்தக் காயலையும் சீனவலைகளையும் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அந்தத் தண்ணீர் வீட்டுச் சுவருக்கு என்ன செய்யும் என்பது அங்கே கொத்து வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செங்கல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மண்ணில் இருக்கிற உப்புத் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே மெல்ல மேலே ஏறும். ஓரளவு உயரம் போனதும் வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் உள்ளே தங்கும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். உப்புப் படிகம் துளைக்குள் வளர வளர, துளையின் சுவரை உள்ளிருந்து நெருக்கும். நன்றாக வெந்த கல் அந்த நெருக்கலைப் பல காலம் தாங்கும். வேகாத கல் தாங்காது. முதலில் பூச்சு உப்பிக்கொண்டு விழும், பிறகு கல்லின் முகம் ஏடு ஏடாக உரியும், கடைசியில் விரலால் தொட்டால் செம்பொடி கொட்டும். நல்ல கல்லுக்கு நடுவே ஒரு கல் மட்டும் இப்படிக் கரைந்து, சுவரில் பொந்து விழுந்திருப்பதை அந்த ஊரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கற்கள் அப்படியே இருக்கும். ஒரே லாரியில் வந்த கற்கள்தாம் எல்லாமே.

அந்த ஒரு கல்லைச் சுவருக்குள் போவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் என் ஆசான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

1990களின் தொடக்கத்தில், தென்காசிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடிப் போன பையன்களில் நானும் ஒருவன். மட்டாஞ்சேரியில் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கியிருந்த வரிசை வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. கையாள் வேலை: சாந்து குழைப்பது, கல் சுமப்பது, சாரம் கட்ட உதவுவது. ஆசான் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இளம் வயதிலேயே கொச்சிக்கு வந்து, கும்பளங்கியில் பெண்ணெடுத்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். நான் சேர்ந்தபோது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. சாரத்தில் ஏறுவதை விட்டிருந்தார். ஆனால் கல் வந்து இறங்குகிற நாளில் அவர் இல்லாமல் எந்த வேலையும் தொடங்காது. வீட்டுக்காரர்களோடு மலையாளம் பேசுவார். எங்களோடு அவருடைய குமரித் தமிழ்தான்.

செம்மீன் கெட்டு நடத்துகிற ஒருவரின் வீட்டுக்குப் பின்பக்கம் அடுக்களையும் குளியலறையும் சேர்த்துக் கட்டுகிற வேலை அது. வரம்பை ஒட்டிய வீடு. அடியில் சேற்று மண் என்பதால் பாரத்தைக் குறைக்க வெட்டுகல்லை விட்டுச் செங்கல்லில் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. அஸ்திவாரம் மட்டும் கருங்கல். திருச்சூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்து கல் லாரியில் வந்தது. சாலை முடிகிற இடத்தில் லாரி நின்றுவிட, அங்கிருந்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து வரம்பில் இறக்கினோம். இறக்கி முடித்ததும் நான் ஒரு கல்லை எடுத்துத் தட்டப் போனேன். மற்ற கொத்தனார்கள் இரண்டு கல்லை மோதிப் பார்ப்பதை அதற்கு முன்பே கவனித்திருந்தேன். ஆசான் கையை நீட்டித் தடுத்தார்.

“நனைஞ்ச கல்லுக்கு வாயி கெடையாது மக்கா. காயட்டும்.”

வள்ளத்தில் வந்ததில் அடியடுக்குக் கற்கள் காயல் தண்ணீரில் நனைந்திருந்தன. துளைக்குள் தண்ணீர் இருந்தால் தட்டும்போது எழுகிற அதிர்வை அது தின்றுவிடும். எவ்வளவு நல்ல கல்லானாலும் ஈரத்தோடு தட்டினால் மந்தமாகத்தான் ஒலிக்கும். நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி கேட்கும். அதனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டு, காற்று ஊடாடும்படி அடுக்கச் சொன்னார். வெயிலில் காய்ந்து, கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரியாத நிலைக்கு வந்த பிறகுதான் தட்டுவதற்கு அனுமதி. நனைந்து வந்த அடியடுக்கைத் தனியே வைத்துக் குளத்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடியும் காயவைத்தோம். கட்டுவதற்கு முன் கல்லை நனைப்பது எல்லா ஊரிலும் உண்டு. நனைக்காவிட்டால் சாந்தில் உள்ள தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும். ஆனால் அங்கே ஆசான் வைத்த வரிசை கண்டிப்பானது: முதலில் காய்ச்சல், பிறகு சத்தம், பிறகு நல்ல தண்ணீரில் நனைப்பு. காயல் தண்ணீரில் நனைப்பதைக் கண்டால் ஆளையே வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்.

கல் காய்ந்த அன்று காலையில் என்னை மட்டும் வரம்பு ஓரம் கூப்பிட்டு உட்காரவைத்தார். கட்டைவிரல் பருமனுள்ள கயிற்றுத் துண்டுகள் இரண்டை மண்ணில் இணையாகப் போட்டு, ஒரு செங்கல்லை அவற்றின்மேல் குறுக்காகப் படுக்கவைத்தார். கல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் மூன்று விரல் தள்ளி உள்ளே கயிறு வரும்படி பார்த்துக்கொண்டார். கரண்டியின் இரும்புப் பூணால் கல்லின் நடுவில் ஒரு தட்டு. கிண்ணென்று எழுந்தது சத்தம். பிறகு அதே கல்லைத் தரையில் சப்பென வைத்துத் தட்டினார். சத்தம் அங்கேயே அமுங்கிப்போனது. மூன்றாவதாக, கல்லை என் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லித் தட்டினார். அதுவும் செத்த சத்தம்.

“கல்லு ஒண்ணுதான். பிடிதான் மாறிச்சு. இறுக்கிப் பிடிச்சா சத்தம் சாவும்லே.”

அவர் கயிறு போட்ட இடத்துக்குக் காரணம் உண்டு என்பது பின்னால், வேலை பார்த்துக்கொண்டே படித்த காலத்தில் எனக்குப் புரிந்தது. நடுவில் தட்டும்போது செங்கல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வில்லாக வளைந்து நிமிர்கிறது. நடுவும் இரண்டு முனைகளும் மேலும் கீழும் ஆடும். ஆனால் முனையிலிருந்து நீளத்தில் கிட்டத்தட்ட 22 சதவீதம் உள்ளே, இரண்டு பக்கமும் அசையாத இடம் ஒன்று இருக்கிறது. ஒன்பது அங்குலக் கல்லில் அது முனையிலிருந்து சுமார் இரண்டு அங்குலம். ஆசானின் மூன்று விரல். அங்கே தாங்கினால் அதிர்வுக்கு எந்தத் தடையும் இல்லை. வேறெங்கே தாங்கினாலும் தாங்குகிற பொருள் அதிர்வைக் குடித்துவிடும். இரண்டு விரலால் கல்லைத் தூக்கித் தட்டுகிறவர்களும் தங்களை அறியாமல் அந்த இடத்தைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்த பாடம் காதுக்கு. ஆசான் தட்டினார், என்ன கேட்டது என்று கேட்டார். ‘ணங்’ என்று கேட்டது என்றேன். மறுபடி தட்டினார், மறுபடி கேட்டார்.

“மொதல்ல வாறது இரும்புக்க சத்தம். அது எல்லாக் கல்லுலயும் வரும். அதுக்குப் பொறவு ஒண்ணு நிக்கும் பாரு, அதாக்கும் கல்லுக்க சத்தம். அத மட்டும் கேளு.”

அதன் பிறகுதான் கேட்கத் தொடங்கியது. தட்டுகிற இரும்பின் ஒலி முதலில் பெரிதாக வந்து காதை நிறைத்துவிடுகிறது. புதிதாகக் கேட்பவன் அதோடு நிறுத்திக்கொள்கிறான். அது அடங்குகிற நேரத்தில், கல்லின் ஒலி மெல்லிய கம்பியாகக் கொஞ்ச தூரம் நீள்கிறது. எவ்வளவு நேரம் நீள்கிறது, நடுவில் உடைகிறதா, எந்த உயரத்தில் நிற்கிறது என்பவைதான் செய்தி. பலமாகத் தட்டினால் இரும்புதான் பெரிதாகக் கேட்கும். அதனால் மெல்லத் தட்டச் சொன்னார். இரண்டு கல்லை மோதிப் பார்ப்பதில் உள்ள குறையையும் அன்றே காட்டினார். ஒன்று வேகாத கல்லாக இருந்தால் மற்றதன் சத்தத்தையும் அது கெடுத்துவிடும். எது கெட்டது என்று தெரியாது. மோதித்தான் பார்க்க வேண்டுமென்றால், நல்லதென்று தீர்ந்த ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, எல்லாக் கல்லையும் அதோடு மட்டுமே மோதிப் பார்ப்பார்.

பிறகு மூன்று கற்களைத் தேர்ந்தெடுத்து வைத்து, என் கண்ணைத் தோர்த்தால் கட்டிவிட்டு, வரிசையை மாற்றி மாற்றித் தட்டினார். ஒன்று நன்றாக வெந்தது: ஒலி ஒரே உயரத்தில் நின்று, தானாகத் தேய்ந்து அடங்கும். இரண்டாவது வேகாதது: ‘தொப்’ என்று இரும்பின் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும், வால் இருக்காது. மூன்றாவதுதான் கஷ்டம். அது நன்றாக வெந்த கல், ஆனால் உள்ளே மயிரிழை விரிசல் ஓடியது. முதலில் நல்ல கல்லைப் போலத்தான் எழும். உடனே ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டு, பாதியில் அறுந்துபோகும். விரிசலின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது. அந்த மூன்றாவது கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்கு விரிசல் தெரியவில்லை. ஆசான் அதன்மேல் சிரட்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டார். மேற்பரப்பு தண்ணீரை உறிஞ்சிக் காய, விரிசல் ஓடிய இடத்தில் மட்டும் ஈரம் ஒரு கருங்கோடாக நின்றது. காது முதலில் சொன்னதைக் கண் அப்போதுதான் பார்த்தது.

ஒரே சூளையில் வெந்த கற்கள் ஏன் இப்படி வேறுபட வேண்டும் என்று கேட்டேன். மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். நாட்டுச் சூளையில் பச்சைக் கல்லை அடுக்கி, அடியில் தீ வாய்கள் விட்டு, வெளியே மண் பூசி மூடுகிறார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கல் அளவுக்கு மீறி வேகும். நடுவயிற்றில் இருப்பது பதமாக வேகும். மேலடுக்கிலும் வெளிச்சுற்றிலும் இருப்பதற்குச் சூடு போதாது. களிமண் செங்கல்லாக மாறுவதற்கு ஏறக்குறைய 900 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, மற்றத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. ஒட்டு முழுமையாக இருந்தால் அதிர்வு கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடையில்லாமல் ஓடும். அதுதான் நீண்ட ஒலி. ஒட்டாத துகள்கள் ஒன்றையொன்று உரசி அதிர்வைக் கரைத்துவிடும், அதுதான் ‘தொப்’. ஒட்டாத அந்தக் கல்தான் உப்பிலும் கரைகிறது. ஆகவே சத்தத்துக்கும் சுவரின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது.

அப்படியானால் எவ்வளவுக்கு உயரமாக ஒலிக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல கல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆசான் நான்காவதாக ஒரு கல்லைக் கயிற்றில் வைத்தார். எல்லாவற்றையும் விடக் கூர்மையான, நீளமான சத்தம். கருநீலம் ஓடிய கல். ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்து, மேலே கண்ணாடி பூசியதுபோல் மினுங்கியது. அதன்மேல் தண்ணீர் விட்டபோது உறிஞ்சாமல் வழிந்தோடியது. அளவுக்கு மீறி வெந்து உருகிய கல். இதில் சாந்து பிடிக்காது. தண்ணீரைக் கொஞ்சமாவது உறிஞ்சினால்தான் சாந்து கல்லின் துளைக்குள் இறங்கிப் பற்றும். வளைந்த கல்லை வைத்தால் மட்டமும் நிற்காது. சத்தம் மிக நல்லதாகக் கேட்கும்போது கண்ணையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பாடம்.

ஒவ்வொரு கல்லையும் கயிற்றில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தால் வீடு கட்டி முடியாது. கயிறு காதைப் பழக்குவதற்கும், சந்தேகம் வந்த கல்லைத் தீர்ப்பதற்கும்தான். நடைமுறையில், கல் கைமாறி வருகிற வரிசையில் ஆசான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு கல்லையும் இடது கையில் தளர்வாக வாங்கி, கரண்டியால் ஒரு தட்டு தட்டி, இடமோ வலமோ நடுவோ தள்ளுவார். மாலைக்குள் வரம்பில் நான்கு அடுக்குகள் நின்றன. நீண்டு ஒலித்த நேரான கற்கள் முதல் அடுக்கு. அஸ்திவாரத்துக்கு மேல் இடுப்பு உயரம் வரைக்கும், குளியலறைச் சுவருக்கும், காயலைப் பார்த்த சுவருக்கும் அவை மட்டும்தான். சத்தம் கொஞ்சம் குட்டையாக நின்றவை இரண்டாவது அடுக்கு. ஈரம் எட்டாத மேல்சுவருக்கும் உள்சுவருக்கும். உருகிய கற்களை உடைத்து, தரைக்குக் கீழே போடுகிற சல்லியாக்கினோம். வேகாதவை நான்காவது அடுக்கு. அவற்றையும் ஆசான் எறிய விடவில்லை. இடித்துச் சலித்தால் சுர்க்கி. சுண்ணாம்போடு சுர்க்கி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அந்தச் சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையில் எழுந்ததுதான். சுவருக்கு ஆகாத கல் பொடியாகிச் சுவருக்கே உதவுகிற விதம் அது.

நான்காவது அடுக்கின் உயரத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கலங்கிப்போனார். காசு கொடுத்து வாங்கிய கல். தட்டிப் பார்த்தே தள்ளிவிடுவதா என்று கேட்டார். கேட்டது நியாயம். ஆசான் கோபப்படவில்லை. கெட்டில் செம்மீன் நிறுக்கிற தராசை எடுத்துவரச் சொன்னார்.

உருகியதை விட்டு மற்ற மூன்று அடுக்குகளிலிருந்தும் ஒவ்வொரு கல். அடுப்பின் பக்கத்தில் இரவு முழுக்க வைத்துக் காய்ந்தவை. முதல் அடுக்குக் கல் 3 கிலோ 200 கிராம் நின்றது. இரண்டாவது அடுக்குக் கல் 3 கிலோ. வேகாத அடுக்குக் கல் 2 கிலோ 800 கிராம். அளவு ஒன்றுதான், எடை மட்டும் குறைவு. மூன்றையும் நல்ல தண்ணீர் நிறைந்த அண்டாவில் போட்டோம். வேகாத கல்லிலிருந்து குமிழி சரசரவென்று எழுந்தது. நல்ல கல்லிலிருந்து நிதானமாக, நெடுநேரம். ஒரு நாள் முழுக்க ஊறிய பின் எடுத்து, ஈரத் துணியால் மேலே துடைத்து, மறுபடி நிறுத்தோம். முதல் கல் 3 கிலோ 600. அதாவது 400 கிராம் தண்ணீர். கல்லின் எடையில் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். இரண்டாவது 3 கிலோ 550. 18 சதவீதத்துக்குச் சற்று மேல். வேகாத கல் 3 கிலோ 500. 2 கிலோ 800 கிராம் கல் 700 கிராம் தண்ணீரைக் குடித்திருந்தது. நான்கில் ஒரு பங்கு, 25 சதவீதம்.

“அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குடிக்கப்பட்ட கல்ல வரம்புல வைக்காத. அது தண்ணிய மட்டுமா குடிக்கும்? உப்பையும் சேத்துல்லா குடிக்கும்.”

வீட்டுக்காரர் தராசின் முள்ளைப் பார்த்தார், பேசாமல் தலையசைத்தார். சாதாரணச் செங்கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077-ஐப் பிற்பாடு நான் படித்தபோது, ஆசானின் ‘அஞ்சுல ஒரு பங்கு’ அதில் இருந்தது. 24 மணி நேரம் ஊறிய பின் தண்ணீர் உறிஞ்சல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உயர்ந்த வகைக் கல்லுக்கு 15 சதவீதம். ஆய்வகத்தில் கல்லை 105 முதல் 115 பாகை வரை சூட்டில், எடை மேற்கொண்டு குறையாத வரை காயவைத்து நிறுப்பார்கள். எங்களுடையது அடுப்பங்கரைக் காய்ச்சல். ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம். அந்த வித்தியாசம் நல்ல கல்லையும் கெட்ட கல்லையும் இடம் மாற்றிவிடாது.

சத்தம் சொல்லாத செய்திகளும் உண்டு. அதை ஆசான் மறைத்ததில்லை. அந்த லோடிலேயே அப்படி ஒரு கல் இருந்தது. நல்ல ஒலி, நல்ல நிறம், நல்ல எடை. ஊறவைத்து எடுத்துக் காயப்போட்ட மறுநாள், அதன் முகத்தில் காசளவு சில்லு தெறித்து விழுந்து, குழிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. களிமண்ணில் கிடந்த சுண்ணாம்புக் கல். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகியிருக்கிறது. தண்ணீர் பட்டதும் பூத்து, ஊதி, மேலே இருந்ததைத் தள்ளிவிட்டது. சுவருக்குள் இருந்திருந்தால் பூச்சைத் தள்ளியிருக்கும். கல் முழுமையாக இருக்கிறவரை அதைச் சத்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. உடைத்துப் பார்த்தோ ஊறவைத்தோதான் பார்க்க முடியும். அதுபோலவே, உப்பு மண்ணில் அறுத்த கல்லும் நன்றாகத்தான் ஒலிக்கும். நனைத்துக் காயவைத்தால் வெள்ளை பூக்கும்போதுதான் சங்கதி தெரியும். அதனால் ஒவ்வொரு லோடிலும் நல்லதென்று ஒலித்த கற்களிலிருந்தே சிலவற்றை எடுத்து, ஒன்றிரண்டை உடைத்தும் மற்றதை ஊறவைத்தும் பார்ப்பார். உடைத்த முகத்தில் நிறம் ஓரத்திலிருந்து நடுவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும். நடுவில் கருஞ்சாம்பல் திட்டு இருந்தால் அங்கே தீ எட்டவில்லை என்று பொருள். வெண்பொட்டு இருக்கக் கூடாது. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது.

மழை மாதங்களில் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் பழைய பண்டகசாலைகளைப் பழுது பார்க்கிற வேலை வரும். மிளகும் சுக்கும் மணக்கிற அந்தக் கட்டடங்களின் பின்பக்கம் காயலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அங்கே ஆசான் எனக்குக் கட்டிய சுவரைத் தட்டச் சொல்லிக்கொடுத்தார். சுவருக்குள் இருக்கிற கல் நீண்டு ஒலிக்காது. நாலு பக்கமும் சாந்து பிடித்திருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது இன்னொன்று. பூச்சு கல்லைப் பிடித்திருந்தால் சத்தம் சின்னதாக, திண்ணென்று இருக்கும். பூச்சுக்குப் பின்னால் உப்பு தள்ளி இடைவெளி விழுந்திருந்தால் பொள்ளலாக, பெரிதாகக் கேட்கும். கீழிருந்து மேலே ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் தட்டிக்கொண்டே போய், பொள்ளல் நிற்கிற இடத்தில் கரியால் கோடு போடுவோம். கோடு சுவர் நெடுகப் போய், இடுப்பு உயரத்தில் அலையாக ஏறி இறங்கும். உப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதன் படம் அது. அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கரைந்த கல்லைத் தோண்டி, பதிலுக்கு நன்றாக ஒலிக்கிற கல்லை வைப்போம். சிமெண்டால் பூசி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும் என்பதால், அங்கே பூச்சுக்குச் சுண்ணாம்புதான்.

ஆசான் காலமாகி வெகுகாலம் ஆகிறது. கும்பளங்கிப் பக்கம் போகும்போது அந்தச் செம்மீன் கெட்டு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். குளியலறையின் காயல் பக்கச் சுவரில் பூச்சு இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தவிர்க்க முடியாது. பூச்சை உதிர்த்தபோது பார்த்த கற்கள் விளிம்பு மழுங்காமல் இருந்தன. அதே வரம்பில், ஏறக்குறைய அதே காலத்தில் எழுந்த ஒரு சுற்றுச்சுவர் முழங்கால் உயரத்தில் அரித்துப்போய், இப்போது இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பக்கத்தில் செங்கல்லே குறைந்துவிட்டது. வயல் மண்ணை வெட்டிச் சூளைக்கு அனுப்புவதற்குக் கேரளத்தில் 2008-இன் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கட்டுப்பாடு அதிகம். வயலைக் காக்க அது தேவையானதும்கூட. பலர் சிமெண்ட் கட்டைக்கு மாறிவிட்டார்கள். சூளையில் வேகாத அந்தக் கட்டைகளுக்கும், நுரைபோல் துளை விட்டுச் செய்கிற எடை குறைந்த கட்டைகளுக்கும் ஆசானின் காதுக் கணக்கு பொருந்தாது. இலேசான கட்டை எவ்வளவு தரமானதாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். இந்தப் பாடம் சுட்ட மண்ணுக்கு மட்டும்.

சுட்ட செங்கல்லில் வீடு கட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் ஏராளம். கடற்கரை ஊர்களிலும் உவர்மண் ஊர்களிலும் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லோடு வந்தால் பணம் கொடுப்பதற்கு முன் மேலடுக்கிலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் காய்ந்த கற்களாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்துவையுங்கள். இரண்டு கயிற்றின்மேல் வைத்து மெல்லத் தட்டுங்கள். இரும்பின் சத்தம் அடங்கிய பின் வருவதைக் கேளுங்கள். ‘தொப்’பென்று நிற்கிற கல் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். நன்றாக ஒலித்ததில் இரண்டை நிறுத்து, ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அந்தக் கல்லைத் தரையை ஒட்டி வைக்க விடாதீர்கள். சுவர் எழுந்த பிறகு அந்தக் கல்லை மாற்றுவதற்கு ஆகிற செலவோடு பார்த்தால், இதற்கு ஆகிற ஒரு நாள் பெரிதில்லை.